இரண்டு வருடம் பொறுத்தால் வரி குறையுமா? நிறுவனரின் பங்கு விற்பனையும் 15 சதவீதமும்

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மென்பொருள் கம்பனி நடத்தும் இளைஞர்களோடு பேசும்போது ஒரு கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "பங்கை இரண்டு வருஷம் வைச்சிருந்து வித்தா வரி குறையும் தானே?" கேட்பவர்கள் விபரம் தெரியாதவர்கள் அல்லர். கம்பனியைத் தாங்களே பதிவு செய்தவர்கள், கணக்காளர் வைத்திருப்பவர்கள். அந்த இரண்டு வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பெரும்பாலும் கடலுக்கு அப்பால்தான் போய் நிற்கிறது. இலண்டனில் இருக்கும் அண்ணன் சொன்னார், ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் சொன்னார், சென்னையிலுள்ள ஒரு கணக்காளரின் காணொளியில் பார்த்தேன் என்பார்கள்.

சொன்னவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பனியின் பங்கை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அது நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23ஆம் திகதிக்குப் பின்னரான விற்பனைகளுக்கு அதன் வரி வீதம் 12.5 சதவீதம். அதற்கு முன்னர் விற்றால் ஆதாயம் சாதாரண வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வருமானப் படிநிலைக்கேற்ப வரிக்கு உட்படும். பிரித்தானியாவில் தன் கம்பனியில் குறைந்தது 5 சதவீதப் பங்கை இரண்டு வருடங்கள் வைத்திருந்து, அங்கு பணிப்பாளராகவோ ஊழியராகவோ இருந்தவருக்கு ஓர் எல்லை வரை குறைந்த வீதம் கிடைக்கிறது. கனடாவில் சிறு வணிகக் கம்பனியின் பங்குக்கான வாழ்நாள் விலக்கைப் பெறுவதற்கும் 24 மாத நிபந்தனை ஒன்று இருக்கிறது. மூன்று நாடுகளிலும் இரண்டு வருடம் என்பது உண்மை.

இலங்கையில் அப்படி ஒரு விதி இல்லை. இங்கே நிறுவனர் ஒருவர் தன் பங்கை இரண்டு மாதம் வைத்திருந்தாலும் இருபது வருடம் வைத்திருந்தாலும் மூலதன ஆதாய வரியின் வீதம் ஒன்றுதான். நமது வரித் தொகையைத் தீர்மானிப்பது காலம் அல்ல, பெறுமதி. அந்தப் பங்குக்கு உள்ளே போன பணம் எவ்வளவு, அதை எந்தக் கடதாசி காட்டும், விற்ற நாளில் அதன் உண்மையான பெறுமதி என்ன என்ற கேள்விகளுக்கான பதிலே வரியாக மாறுகிறது. போருக்குப் பின் வடக்கு கிழக்கில் உருவான கம்பனிகள் இந்தக் கேள்விகளுக்கு முன்னால் ஏன் பலவீனமாக நிற்கின்றன என்பதைத்தான் இங்கு பார்க்க விரும்புகிறேன்.

2025 ஏப்ரலில் மாறியது என்ன?

இலங்கையில் மூலதன ஆதாய வரி 2002இல் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்ரல் 1 முதல் திரும்பி வந்தது. தனிநபருக்கு அப்போது 10 சதவீதம். சர்வதேச நாணய நிதியத்தின் நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் அரச வருமானத்தைக் கூட்டும் நடவடிக்கைகளோடு சேர்ந்து, 2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 2025 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதமாக உயர்த்தியது.

தனிநபராக அல்லாமல் ஒரு கம்பனியின் பெயரில் பங்கை வைத்திருந்து விற்றால் வீதம் 30 சதவீதம். 2022 ஒக்ரோபரில் இருந்து அப்படித்தான். கம்பனிக்கு மேல் இன்னொரு கம்பனி வைத்து, அதன் ஊடாகப் பங்குகளை வைத்திருப்பது பாதுகாப்பு என்று வெளிநாட்டு ஆலோசனைகளைப் பார்த்துச் செய்தவர்கள், விற்கும் நாளில் இரட்டிப்பு வீதத்தைச் சந்திப்பார்கள்.

இன்னொரு பக்கம், கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளின் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரியே கிடையாது. பெரிய வங்கியொன்றின் பங்கை முதலீடாகத் திங்கட்கிழமை வாங்கி வெள்ளிக்கிழமை விற்பவர் இந்த வரியைக் கட்டத் தேவையில்லை. ஏழு வருடம் சம்பளம் எடுக்காமல் ஒரு கம்பனியைக் கட்டியெழுப்பி விற்பவர் 15 சதவீதம் கட்டவேண்டும். அவருடைய கம்பனி பங்குச் சந்தைக்குப் போகும் அளவுக்கு வளரவில்லை என்பதே இருவருக்கும் இடையிலான வித்தியாசம்.

பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது?

வரி பற்றிப் பேசும்போது முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இது. ஒரு முதலீட்டாளர் கம்பனிக்குள் பணம் போட்டு, கம்பனி அவருக்குப் புதிய பங்குகளை வழங்கினால், நிறுவனர் எதையும் விற்கவில்லை. பணம் கம்பனியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நிறுவனரின் பங்கு வீதம் குறையும், ஆனால் அவருக்கு ஆதாயமும் இல்லை, வரியும் இல்லை. மாறாக, நிறுவனர் தன் கையிலுள்ள பங்குகளில் ஒரு பகுதியை அதே முதலீட்டாளருக்கு மாற்றி, பணம் நிறுவனரின் சொந்தக் கணக்குக்கு வந்தால், அது விற்பனை. அங்கேதான் வரி பிறக்கிறது.

நமது பேச்சில் இரண்டையும் "இன்வெஸ்டர் காசு போட்டார்" என்றே சொல்கிறோம். ஒப்பந்தத்திலும் சில நேரம் இரண்டும் கலந்திருக்கும். மூன்று கோடி ரூபாயில் இரண்டு கோடி கம்பனிக்கு, ஒரு கோடி நிறுவனருக்கு என்று. அந்த ஒரு கோடி மட்டுமே நிறுவனரின் விற்பனை. பிரித்து எழுதாமல் மூன்று கோடியையும் நிறுவனரின் கணக்குக்கு வாங்கி, அங்கிருந்து கம்பனிக்கு மாற்றினால், முழுத் தொகையும் விற்பனைப் பணம்போலத் தோற்றமளிக்கும். பிறகு அதை விளக்கிக்கொண்டிருப்பது பெரும் பாடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பின்வருவது நான் அமைத்த உதாரணம். எந்த ஒரு கம்பனியினதும் கதை அல்ல. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியையும் எங்கோ ஒரு கம்பனியில் பார்த்திருக்கிறேன்.

2019இல் யாழ்ப்பாணத்தில் ஒருவர் மென்பொருள் கம்பனி தொடங்குகிறார். ஒரு பங்கு 10 ரூபாய் வீதம் 100,000 பங்குகளைத் தன் பெயரில் எடுத்து, 10 இலட்சம் ரூபாயைக் கம்பனியின் வங்கிக் கணக்கில் இடுகிறார். 2022இல் ஒரு முதலீட்டாளர் பங்கொன்றுக்கு 600 ரூபாய் வீதம் 25,000 புதிய பங்குகளை வாங்குகிறார். அந்த ஒன்றரைக் கோடி ரூபாய் கம்பனிக்குப் போகிறது. நிறுவனருக்கு அன்று வரி எதுவும் இல்லை.

2025 ஓகஸ்டில் கொழும்புக் கம்பனி ஒன்று நிறுவனரிடமிருந்து 30,000 பங்குகளைப் பங்கொன்று 1,000 ரூபாய்க்கு வாங்குகிறது. அவருக்குக் கிடைப்பது 3 கோடி. அந்த 30,000 பங்குகளுக்கு அவர் ஆரம்பத்தில் செலுத்தியது 3 இலட்சம். விற்பனைக்காகச் சட்டத்தரணிக்கும் கணக்காளருக்கும் கொடுத்தது 7 இலட்சம். இந்த இரண்டையும் கழிக்கலாம். மிகுதி 2 கோடி 90 இலட்சம் ஆதாயம். அதில் 15 சதவீதம் 43 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். இதே விற்பனை 2025 மார்ச்சில் நடந்திருந்தால் வரி 29 இலட்சம்தான்.

இந்தக் கணக்கில் பலர் எதிர்பார்ப்பது போல் வருடாந்த 18 இலட்சம் ரூபாய் தனிநபர் விடுபாட்டைக் கழிக்க முடியாது. அந்த விடுபாடு மூலதன ஆதாயத்துக்குப் பொருந்தாது. இலங்கையில் வதியும் தனிநபருக்கு உள்ள சலுகை மிகச் சிறியது. ஒரு சொத்தின் ஆதாயம் 50,000 ரூபாய்க்கு மேற்படாமலும், வருடத்தின் மொத்த ஆதாயம் 6 இலட்சத்துக்கு மேற்படாமலும் இருந்தால் மட்டுமே வரி இல்லை.

காலக்கெடுவும் வேறு. சாதாரண வருமான வரி அறிக்கையை நவம்பர் 30 வரை சமர்ப்பிக்கலாம் என்ற பழக்கத்தில் பலர் இதையும் தள்ளிவைக்கிறார்கள். மூலதன ஆதாயத்துக்கு, பங்கு கைமாறியதிலிருந்து ஒரு மாதத்துக்குள் தனி அறிக்கை கொடுத்து வரியும் கட்டவேண்டும். ஆதாயம் என்பது கைக்கு வந்த பணம் மட்டுமல்ல, வரவேண்டிய பணமும்தான். பாதிப் பணம் இப்போது, மீதி இரண்டு வருடத்தின் பின் என்று ஒப்பந்தம் செய்பவரும், பணத்துக்குப் பதிலாக வாங்குபவரின் கம்பனிப் பங்குகளைப் பெறுபவரும் இதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும். வரியைக் கட்டுவதற்குப் பங்குகள் உதவாது, காசு வேண்டும்.

உண்டியலில் வந்த பணம்

மேலுள்ள உதாரணத்தில் நான் ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கம்பனியின் உண்மையான ஆரம்பச் செலவு 10 இலட்சம் அல்ல. இலண்டனிலிருந்து அக்கா அனுப்பிய 40 இலட்சமும் அதில் இருந்தது. கணினிகள் வாங்கியது, முதல் வருடத்தில் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுத்தது எல்லாம் அந்தப் பணத்தில்தான். அது உண்டியலில் வந்தது. கையில் காசாக வந்து, கையாலேயே செலவானது.

இது அசாதாரணமான ஒன்றல்ல. கடனுக்கு வங்கி பிணை கேட்டது. காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்தவர்களிடமும், காணியே இன்னும் விடுவிக்கப்படாதவர்களிடமும் பிணை வைக்க எதுவும் இருக்கவில்லை. ஆகவே குடும்பமே வங்கியானது. குடும்பத்தின் பணம் வந்த வழி உண்டியலானது. போர்க்காலத்தில் உயிர்வாழ உதவிய பழக்கம், பின்னர் தொழில் தொடங்கும் பழக்கமுமானது.

வரிச் சட்டத்தின் கண்ணில் அந்த 40 இலட்சம் இல்லை. அது பங்கு மூலதனமாகக் கம்பனிக்குள் வந்திருந்தால் நிறுவனரின் கொள்விலை கூடியிருக்கும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பங்குக்கு நிரந்தர முகப்பெறுமதி என்ற ஒன்றை வைத்திருக்கவில்லை. 10 ரூபாய்க்குத்தான் பங்கு வழங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதே 100,000 பங்குகளை 50 ரூபாய் வீதம் வழங்கியிருந்தால் 50 இலட்சமும் பதிவாகியிருக்கும். விற்ற 30,000 பங்குகளின் கொள்விலை 3 இலட்சத்துக்குப் பதிலாக 15 இலட்சமாகி, வரியில் 1 இலட்சத்து 80 ஆயிரம் குறைந்திருக்கும். முழுப் பங்குகளையும் விற்கும் நாளில் அந்தக் குறைவு 6 இலட்சம்.

அல்லது அதே பணம் கம்பனிக்கு அக்கா கொடுத்த கடனாக எழுதப்பட்டிருந்தால், கம்பனி வளர்ந்ததும் முதல் 40 இலட்சத்தையும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கடனின் முதலைத் திருப்பிக் கொடுப்பது எவருக்கும் ஆதாயம் அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் கடனுக்கு அந்நியச் செலாவணி விதிகள் தனியாக உண்டு என்பதால் அதை வங்கியோடு பேசித்தான் செய்ய வேண்டும். இப்போதோ அது மூலதனமும் இல்லை, கடனும் இல்லை. அக்காவுக்கு வாயால் சொன்ன "உனக்கும் பாதி" மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தப் பாதியைப் பின்னர் கொடுக்க முயலும்போது அடுத்த சிக்கல் தொடங்குகிறது.

அக்காவுக்குப் பத்து ரூபாய்க்கு மாற்றினால்

கம்பனி நன்றாகப் போகிறது. நிறுவனர் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நினைக்கிறார். 20,000 பங்குகளை அக்காவின் பெயருக்கு, தான் வாங்கிய அதே 10 ரூபாய்க்கு, மொத்தம் 2 இலட்சத்துக்கு மாற்றுகிறார். ஆதாயமே இல்லை, வரியும் இல்லை என்று நினைக்கிறார்.

உறவினருக்கோ நன்கொடையாகவோ சொத்தை மாற்றும்போது, கைமாறிய பணத்தைச் சட்டம் விலையாக எடுப்பதில்லை. அந்நாளின் சந்தைப் பெறுமதியையே விலையாகக் கொள்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னர்தான் அதே பங்கு வெளியாருக்கு 1,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. அதையே சந்தைப் பெறுமதியாக எடுத்தால் விலை 2 கோடி, ஆதாயம் 1 கோடி 98 இலட்சம், வரி 29 இலட்சத்து 70 ஆயிரம். கைக்கு வந்ததோ 2 இலட்சம்.

இதே மாற்றம் 2019இல், கம்பனிக்கு ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாத நாளில் நடந்திருந்தால் வரி கிட்டத்தட்ட இருந்திருக்காது. அன்று பங்கின் பெறுமதியே 10 ரூபாய்க்கு அருகில்தான். குடும்பத்துக்குள் பங்கு பிரிப்பதாக இருந்தால் அதைக் கம்பனி வளர்வதற்கு முன்னர், பங்குமாற்றுப் படிவத்தோடும் பங்குப் பதிவேட்டில் பதிவோடும் செய்து முடிப்பதே வழி. வெளிநாட்டில் வசிப்பவர் பணம் போட்டுப் பங்கு எடுப்பதானால், அவர் பெயரில் இங்குள்ள வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் ஊடாகப் பணத்தைக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் பங்கிலாபத்தையும் விற்ற பணத்தையும் அவர் திரும்பக் கொண்டுபோவது இலகு. உண்டியலில் வந்த பணத்துக்கு அந்தப் பாதை இல்லை.

பின்னர் வந்து சேரும் பங்காளியின் நிலை வேறு. கம்பனியில் வேலை செய்பவருக்கு, அந்த வேலைக்காக மலிவு விலையில் பங்கு கொடுத்தால், பங்கின் சந்தைப் பெறுமதிக்கும் அவர் கொடுத்த பணத்துக்கும் இடையிலான வித்தியாசம் அவருடைய தொழில் வருமானமாகக் கணக்கிடப்படலாம். அதன் உச்ச வீதம் 36 சதவீதம். ஒரு ரூபாய்கூடக் கைக்கு வராத வருடத்தில் வரும் வரி இது.

பெறுமதியை யார் சொல்வது?

பட்டியலிடப்பட்ட பங்குக்கு ஒவ்வொரு நாளும் ஒரு விலை இருக்கிறது. பட்டியலிடப்படாத பங்குக்கு அப்படி எதுவும் இல்லை. பட்டயக் கணக்காளர் ஒருவர் பெறுமதி மதிப்பீடு செய்யும்போது பொதுவாக மூன்று பக்கங்களிலிருந்து பார்க்கிறார். கம்பனியின் சொத்திலிருந்து கடனைக் கழித்தால் என்ன மிஞ்சும்? எதிர்காலத்தில் அது உழைக்கக்கூடிய பணத்தின் இன்றைய பெறுமதி என்ன? அண்மையில் வெளியாள் ஒருவர் என்ன விலை கொடுத்தார்? மென்பொருள் கம்பனிக்கு முதலாவது வழி மிகக் குறைந்த தொகையைக் காட்டும், ஏனெனில் அதனிடம் கணினிகளையும் மேசைகளையும் தவிர அதிகம் எதுவும் இல்லை. இரண்டாவது, எதிர்பார்ப்புகளைப் பொறுத்து எங்கேயும் போகலாம். ஆகவே மூன்றாவதே பெரும்பாலும் பலமான சான்றாக நிற்கிறது.

ஆனால் அங்கும் கவனம் வேண்டும். 2022இல் முதலீட்டாளர் 600 ரூபாய் கொடுத்தார் என்பதற்காக 125,000 பங்குகளையும் 600ஆல் பெருக்கி, "எங்கள் கம்பனி ஏழரைக் கோடி" என்று சொல்வது வழக்கம். முதலீட்டாளரின் பங்குகளுக்கு விசேட உரிமைகள் இருக்கலாம். கம்பனி விற்கப்பட்டால் அவருக்கே முதலில் பணம், சில தீர்மானங்களுக்கு அவர் சம்மதம் என்று. நிறுவனரின் சாதாரணப் பங்குக்கு அவை இல்லை. சிறுபான்மைப் பங்கு என்பதற்காகவும், இலகுவில் விற்க முடியாது என்பதற்காகவும் மதிப்பீட்டாளர் கழிவு கொடுப்பதுண்டு. பத்திரிகைச் செய்திக்காகச் சொல்லும் ஏழரைக் கோடியும், வரிக்காகச் சொல்லும் பெறுமதியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வித்தியாசத்துக்கான காரணம், மாற்றம் நடந்த நாளிலேயே எழுதப்பட்ட மதிப்பீட்டு அறிக்கையில் இருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துத் திணைக்களம் கேட்டபின் தயாரிக்கும் அறிக்கைக்கு அந்த எடை இருக்காது.

போர் முடிந்த கையோடு, 2010க்கும் 2017க்கும் இடையில் கம்பனி தொடங்கியவர்களுக்குச் சட்டத்தில் முக்கியமான ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2017 செப்ரெம்பர் 30ஆம் திகதி கையிலிருந்த முதலீட்டுச் சொத்துக்கு, வாங்கிய விலைக்குப் பதிலாக அந்த நாளின் சந்தைப் பெறுமதியே கொள்விலை. 2012இல் 5 இலட்சம் ரூபாய்ப் பங்கு மூலதனத்தோடு தொடங்கிய கம்பனியை 2025இல் 4 கோடிக்கு விற்கிறார் ஒருவர் என்று வைப்போம். 2017இன் பெறுமதியை நிறுவ முடியாவிட்டால் ஆதாயம் 3 கோடி 95 இலட்சமாக, வரி 59 இலட்சத்து 25 ஆயிரமாக வந்து நிற்கும். அன்றைய பெறுமதி 1 கோடி 20 இலட்சம் என்று நிறுவினால் வரி 42 இலட்சம். பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம், 2017இன் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகளும் அன்றைய ஒப்பந்தங்களும் இன்னும் கோப்பில் இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்து மதிப்பீட்டாளரிடம் கொடுக்க விற்பனை நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை.

காலத்தைக் கணக்கில் எடுக்காததன் விலை

வைத்திருந்த காலத்துக்கு நமது சட்டம் சலுகை தருவதில்லை என்றேன். அது வெறும் சலுகை இல்லாமை மட்டும் அல்ல. நாம் கடந்துவந்த வருடங்களில் அதற்கு வேறோர் அர்த்தம் இருக்கிறது.

2019இல் ஊர் திரும்பிய ஒருவர் 50,000 டொலரைக் கொண்டுவந்து கம்பனியில் போட்டார் என்று வைப்போம். டொலர் அப்போது ஏறத்தாழ 180 ரூபாய். அது 90 இலட்சம் ரூபாய். 2022 வந்தது. ரூபாய் சரிந்தது. செப்ரெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. 2025இல் அவர் தன் பங்கை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு விற்கிறார். டொலர் 300 ரூபாய் என்று எடுத்தால் அது அதே 50,000 டொலர். ஆறு வருட உழைப்பின் பின் போட்டதுதான் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் ரூபாய்க் கணக்கில் 60 இலட்சம் ஆதாயம், 9 இலட்சம் வரி. ஏறத்தாழ 3,000 டொலரை அவர் இழப்பின் மீது கட்டுகிறார்.

பணவீக்கத்துக்கு ஏற்பக் கொள்விலையைச் சீர்செய்ய நமது சட்டத்தில் இடமில்லை. வீதம் 10ஆக இருந்தபோது இது சகிக்கக்கூடியதாக இருந்திருக்கலாம். 15ஆக உயர்ந்தபோதும் அதைப்பற்றிப் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

காலத்துக்கு ஒரே ஒரு மறைமுகப் பங்கு உண்டு. 15 சதவீதம் என்பது முதலீட்டுச் சொத்துக்குத்தான். வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவரின் இலாபம் வணிக வருமானமாகி 36 சதவீதம் வரை போகலாம். வருடக்கணக்காக வைத்திருந்த நிறுவனரைப் பங்கு வியாபாரி என்று சொல்வது கடினம். ஆனால் வாங்குபவர் ஏற்கனவே தயாராக இருக்கையில் புதிய பங்குகளை எடுத்துச் சில வாரங்களில் கைமாற்றினால் அந்தக் கேள்வி எழலாம்.

ஏன் விலக்கு இல்லை, எதைக் கேட்கலாம்?

பட்டியலிடப்படாத பங்குக்கும் விலக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு அரசிடம் நியாயமான ஒரு பதில் இருக்கிறது. இங்கே கம்பனி என்றால் மென்பொருள் மட்டும் அல்ல. கொழும்பில் ஒரு காணியை வாங்கிக் கம்பனிக்குள் வைத்து, காணியை விற்காமல் கம்பனியின் பங்கை விற்றால், காணிக்கான ஆதாய வரியைத் தாண்டிவிடலாம். கண்மூடித்தனமான விலக்கு அந்தக் கதவைத்தான் திறக்கும்.

பிரித்தானியாவும் கனடாவும் இதைத் தங்கள் நிபந்தனைகளால் சமாளிக்கின்றன. அங்கே சலுகை எல்லாக் கம்பனிக்கும் இல்லை, உண்மையாகத் தொழில் நடத்தும் கம்பனிக்கு மட்டும்தான். வைத்திருக்கும் காலமும் அதற்காகவே கேட்கப்படுகிறது. உள்ளே வந்து உடனே வெளியேறுபவரையும், உழைத்து வளர்த்தவரையும் பிரிப்பதற்கான அளவுகோல் அது. நமது சட்டத்துக்கும் இந்த யோசனை அந்நியமானது அல்ல. தான் வசித்த வீட்டை விற்பவருக்கு, மூன்று வருடம் சொந்தமாக வைத்திருந்து அதில் இரண்டு வருடமாவது வாழ்ந்திருந்தால் விலக்குக் கொடுக்கிறது அதே சட்டம். வீட்டுக்குத் தெரிந்த காலம் தொழிலுக்கு ஏன் தெரியவில்லை?

என் பார்வையில் கேட்க வேண்டியது முழு விலக்கு அல்ல. சொத்தில் பெரும்பகுதி காணியாக இல்லாத, ஆட்களை வேலைக்கு வைத்துத் தொழில் நடத்தும் கம்பனியின் பங்கைக் குறிப்பிட்ட வருடங்கள் வைத்திருந்தவருக்கு, பணவீக்கத்தைக் கழித்த உண்மையான ஆதாயத்துக்கு மட்டும் வரி விதியுங்கள் என்பது நியாயமான கோரிக்கை. தொழில் தொடங்குநர்களை ஊக்குவிப்பதாகக் கொழும்பில் நடக்கும் மாநாடுகளில் முதல் முதலீட்டைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில் விற்று வெளியேறும் நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வடக்கிலிருந்து போய் அந்த மேடைகளில் அமர்பவர்கள் பேசலாம்.

சட்டம் மாறும் வரை இருப்பது இன்றைய சட்டம். அதில் நிறுவனருக்குச் சாதகமாக நிற்கக்கூடியவை சில கடதாசிகள் மட்டுமே. பணம் வந்ததைக் காட்டும் வங்கிக் கூற்று, பங்கு வழங்கிய பணிப்பாளர் சபைத் தீர்மானம், பங்குப் பதிவேடு, கணக்காய்வு செய்யப்பட்ட வருடாந்தக் கணக்குகள், ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் எடுத்த பெறுமதி அறிக்கை. கடதாசிகள் தொலைந்ததால் காணியை நிரூபிக்க முடியாமல் பிரதேச செயலக வாசலில் நின்ற தலைமுறை நம்முடையது. கம்பனிக் கடதாசிகளை இன்னும் எவரும் எரிக்கவில்லை. பல இடங்களில் அவை எழுதப்படவே இல்லை என்பதுதான் பிரச்சினை.